கடன் செயலியை நீக்கும் முன் பார்க்க வேண்டிய பக்கங்கள்

உடனடிக் கடன் தரும் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்க அரை நிமிடம் போதும். ஆனால் எந்த வரிசையில் நீக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டு நீக்கினால், அந்தச் செயலி நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் எந்த அளவுக்கு எடுத்திருக்கக்கூடும் என்பதைக் காட்டும் தடயமும் அதோடு போய்விடும். தக்கலையில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த வேலை இப்போது அடிக்கடி வருகிறது. அண்மையில் வந்த ஒரு கைப்பேசியில் செய்ததை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கைப்பேசிக்காரர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. மழை விடாமல் பெய்தால் மரத்தில் வெட்டு நடக்காது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறுஞ்செய்தியில் வந்த ஒரு இணைப்பைத் தட்டியிருக்கிறார். செயலியில் காட்டிய கடன் 6,000 ரூபாய், வங்கிக் கணக்குக்கு வந்தது 3,900 ரூபாய். மீதி 2,100 கட்டணமாம். ஏழாம் நாள் முழு ஆறாயிரத்தையும் திருப்ப வேண்டும். ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கே மிரட்டல் தொடங்கிவிட்டது. அவருடைய தொடர்புப் பட்டியலின் ஒரு பகுதியை அப்படியே தட்டச்சு செய்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பட்டியலின் மேலே மகளின் பெயர்.

"தம்பி, இந்தச் சனியனை முதலில் அழித்துத் தாருங்கள்" என்றார்.

"அழித்துவிடலாம் அண்ணே. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எனக்குத் தாருங்கள்" என்று கைப்பேசியை வாங்கினேன்.

முதல் வேலை விமானப் பயன்முறை. மேலிருந்து திரையை இழுத்து அந்த விமானப் படத்தைத் தொட்டதும் சிம், வைஃபை இரண்டின் இணைப்பும் நின்றுவிடும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செயலி பின்னணியில் எதையும் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக இது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்த மிரட்டல்களையும் குறுஞ்செய்திகளையும் இணைப்பு இல்லாமலேயே திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம்.

அடுத்து, கடன் செயலி ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இணைப்பின் வழியாக வரும் செயலி சில நேரம் இன்னொன்றையும் கூட்டி வரும். அதற்கு முகப்புத் திரையில் படமே இருக்காது. கைப்பேசியைக் கடைக் கணினியில் கேபிளால் இணைத்து, `USB debugging` அனுமதியைத் தற்காலிகமாகக் கொடுத்து, இந்த ஒரு வரியை இயக்கினேன்:

```
adb shell pm list packages -3 -i
```

நாமாக நிறுவிய எல்லாச் செயலிகளும், ஒவ்வொன்றும் எதன் வழியாக நிறுவப்பட்டது என்பதும் வரிசையாக வரும். பிளே ஸ்டோரிலிருந்து வந்தவற்றின் எதிரே `com.android.vending` என்று இருக்கும். இணைப்பிலிருந்து இறக்கியவற்றின் எதிரே `packageinstaller` என்று முடியும் ஒரு பெயரோ, வெறுமனே `null` என்றோ இருக்கும். இந்தக் கைப்பேசியில் பிளே ஸ்டோர் வழியாக வராதவை இரண்டு. ஒன்று கடன் செயலி. மற்றொன்று அவர் பார்த்தே இராத செயலி. கணினி இல்லாதவர்கள் `Settings` உள்ளே `Apps`, அதில் `See all apps` பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் பார்த்தாலும் இது தட்டுப்படும். முகப்பில் படத்தை மறைத்த செயலி இந்தப் பட்டியலிலிருந்து மறைவது அரிது. பெயர் தெரியாததையெல்லாம் திறந்து பார்க்கப் பொறுமை மட்டும் வேண்டும்.

இனி அனுமதிகள். `See all apps` பட்டியலில் கடன் செயலியைத் தொட்டு `Permissions` பக்கத்துக்குப் போனேன். `Allowed` என்ற தலைப்பின் கீழே தொடர்புகள், கேமரா, இருப்பிடம், குறுஞ்செய்தி, படங்களும் காணொளிகளும் என்று வரிசையாக நின்றன. இதில் கை வைப்பதற்கு முன் இந்தப் பக்கத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். செயலி என்னென்ன அனுமதி வாங்கியிருந்தது என்பதற்கு இதுதான் சான்று. அனுமதியை எடுத்துவிட்டால் இந்தப் பக்கம் காலியாகிவிடும். பிறகு புகாரில் எழுத மட்டும்தான் முடியும், காட்ட முடியாது. இரண்டாவது செயலியின் பக்கத்தையும் எடுத்தேன். அதற்குத் தொடர்புகளும் குறுஞ்செய்தியும் திறந்திருந்தன.

சான்று எடுத்த பிறகு `Contacts` என்பதைத் தொட்டு `Don't allow` கொடுத்தேன். `Photos and videos` என்பதற்கும் அதே. ஆண்ட்ராய்டு 11, 12 என்றால் கேலரி அனுமதி `Files and media` என்ற பெயரிலும், அதற்கு முந்தைய பதிப்பு என்றால் `Storage` என்ற பெயரிலும் இருக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல்தான் படங்களுக்குத் தனி அனுமதி. `Gallery` என்ற சொல்லைத் தேடிக் காணாமல், அனுமதியே கொடுக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குறுஞ்செய்தி, இருப்பிடம், கேமரா என்று ஒவ்வொன்றையும் மூடியதும் `Not allowed` என்ற தலைப்பின் கீழே எல்லாம் இறங்கின. பிறகு செயலியின் பக்கத்துக்குத் திரும்பி `Force stop`.

செயலியை நீக்கினால் அனுமதியும் தானாகப் போய்விடுமே, பிறகு ஏன் தனியாக எடுக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நீக்கினால் அனுமதி போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் நீக்குவதற்கு முன் செயலியிலிருந்து சில விவரங்களை எடுக்க வேண்டியிருக்கும், அந்த நேரம் முழுவதும் கதவு திறந்தே கிடக்கக் கூடாது. ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் செயலி என்றால், அனுமதிகளை மூடிவிட்டு இணையத்தைத் திறந்து, கடன் ஒப்பந்தம், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கட்டிய ரசீது, குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை எடுத்த பிறகே நீக்குவேன். செயலியை நீக்கினாலும் அந்தக் கடன் அப்படியேதான் இருக்கும், ஆகவே அந்தத் தாள்கள் கட்டாயம் வேண்டும். இந்தச் செயலியோ யாருடையது என்றே தெரியாதது. படங்களை எடுத்துத் தன் இடத்தில் வைத்துக்கொண்டு, இணையம் கிடைத்ததும் அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தால் அனுமதியை மூடியும் பயனில்லை. அதனால் இதை ஒருமுறைகூட இணையத்தோடு திறக்கவில்லை. கடன் விவரத்தைக் குறுஞ்செய்தியிலிருந்தும் வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்தும் எடுத்துக்கொண்டோம்.

இப்போது நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முக்கியமான பக்கம். செயலியின் பக்கத்திலேயே `Mobile data & Wi-Fi` என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் இந்தக் கட்டண மாதத்தில் அந்தச் செயலி எவ்வளவு டேட்டா பயன்படுத்தியது, அதில் திரையில் இருக்கும்போது எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று தெரியும். செயலியை நீக்கிவிட்டால் இந்தக் கணக்கு நீக்கப்பட்ட செயலிகளின் மொத்தக் கணக்கில் கரைந்துவிடும். பிறகு பிரித்தெடுக்க முடியாது.

அண்ணனின் கைப்பேசியில் கடன் செயலி மொத்தம் 14 எம்பி பயன்படுத்தியிருந்தது. வீட்டில் வைஃபை கிடையாது, ஆகவே இதுவே முழுக் கணக்கு. மாதத் தொடக்கத்துக்குப் பிறகுதான் செயலியை நிறுவியிருந்தார் என்பதால் முந்தைய மாதத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது செயலி ஒரு எம்பிக்குச் சற்று மேல்.

இதை வைத்து என்ன சொல்லலாம்? அவர் பட்டியலில் ஏறக்குறைய முந்நூறு பெயர்கள். ஒரு பெயரும் எண்ணும் சேர்ந்து தாராளமாக 200 பைட் என்று வைத்தாலும் மொத்தப் பட்டியல் 60 கேபிதான். ஒரு சாதாரண வாட்ஸ்அப் படத்தைவிடச் சிறியது. அனுமதி கொடுத்த சில நொடிகளில் அது போய்விடும், டேட்டா கணக்கில் தெரியக்கூடத் தெரியாது. ஆகவே தொடர்புப் பட்டியல் முழுவதும் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அவர்களே அனுப்பிக் காட்டியும் விட்டார்கள்.

கேலரியின் கதை வேறு. அவருடைய படங்களும் காணொளிகளும் சேர்ந்து 5 ஜிபிக்கு மேல் இருந்தன. "உன் கேலரி முழுவதும் எங்கள் கையில் இருக்கிறது" என்று மிரட்டியிருந்தார்கள். 14 எம்பியில் 5 ஜிபி போக முடியாது. அந்த 14 எம்பியிலும் செயலியின் சொந்தத் திரைகள், அவர் கொடுத்த செல்ஃபி, ஆதார், பான் அட்டைப் படங்கள் எல்லாம் அடக்கம். போனது, வந்தது இரண்டும் சேர்ந்த கணக்கு அது. ஆனால் படங்களைச் சுருக்கி ஒவ்வொன்றையும் 100 கேபி ஆக்கி அனுப்பியிருந்தால் 14 எம்பிக்குள் நூற்று நாற்பது படங்கள் வரை அடங்கும். அதனால் ஒரு படமும் போகவில்லை என்று நான் அவருக்கு உறுதி சொல்லவில்லை. முழுக் கேலரியும் போகவில்லை, போயிருந்தால் கொஞ்சம்தான் என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மகளின் கல்யாண நிச்சயப் படங்கள் எல்லாம் அதில் இருக்கிறது தம்பி" என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். அதுவரை அந்த மனிதர் நெஞ்சில் எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. இந்தக் கணக்கைச் சொல்லாமல் செயலியை மட்டும் நீக்கிக் கொடுத்திருந்தால், அதே பயத்தோடுதான் குலசேகரம் பஸ் ஏறியிருப்பார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன். மார்பிங் செய்து மிரட்டுவதற்குக் கேலரி அவசியமில்லை. கடன் வாங்கும்போது எடுத்துக் கொடுத்த செல்ஃபியும், யாரும் பார்க்கும்படி வைத்த வாட்ஸ்அப் முகப்புப் படமும் போதும். ஆகவே வாட்ஸ்அப் முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிக்கொள்ளவும், மகளையும் மாற்றச் சொல்லவும் சொன்னேன்.

பிறகு நீக்கும் வேலை. கடன் செயலி `Uninstall` தொட்டதும் போய்விட்டது. இரண்டாவதற்கு அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது, தொட்டால் அசையவில்லை. இப்படி இருந்தால் அந்தச் செயலி சாதன நிர்வாகி உரிமை வாங்கியிருக்கிறது என்று பொருள். `Settings` தேடல் பெட்டியில் `Device admin apps` என்று தட்டினால் அந்தப் பக்கம் வரும். அங்கே அதன் எதிரே இருந்த குறியை எடுத்து `Deactivate` கொடுத்த பிறகு `Uninstall` உயிர் பெற்றது. அதுவும் போனது. இதே தேடல் பெட்டியில் `Accessibility`, `Notification access` என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். திரையையும் வரும் அறிவிப்புகளையும் படிக்கும் உரிமை அங்கேதான் கொடுக்கப்படுகிறது, `Permissions` பக்கத்தில் அது தெரியாது. இங்கே இரண்டும் சுத்தமாக இருந்தன.

குறுஞ்செய்தி இணைப்பைத் திறந்த உலாவிக்கு `Install unknown apps` அனுமதி இன்னும் திறந்தே இருந்தது. அதை மூடினேன். பதிவிறக்கக் கோப்புறையில் கிடந்த நிறுவல் கோப்பைக் கடைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து, அவருடைய பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியிலிருந்து அழித்தேன். காவல் துறையினர் கேட்டால் கொடுக்க அது உதவும். பிறகு `USB debugging` அனுமதியை மூடி, விமானப் பயன்முறையை எடுத்து, யுபிஐ செயலியில் ஆட்டோபே பக்கத்தைப் பார்த்தோம். கடனுக்கு என்று எதுவும் பதிவாகியிருக்கவில்லை. பதிவாகியிருந்தால் செயலியை நீக்கிய பிறகும் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியாகப் பிளே புரொடெக்ட் சோதனையை ஓடவிட்டேன்.

கைப்பேசியை முழுவதுமாக அழித்து ரீசெட் செய்யச் சொல்லிப் பலர் வருகிறார்கள். போன பட்டியல் அதனால் திரும்பி வராது, சான்றுகள் மட்டும் அழியும். சிம்மை மாற்றுவதும் அப்படித்தான். வங்கியிலும் ஆதாரிலும் இருக்கும் எண் போய், இன்னொரு தலைவலி சேரும்.

போன பட்டியலுக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான்: அவர்கள் கூப்பிடுவதற்கு முன் நாம் கூப்பிட வேண்டும். மிரட்டுகிறவர்கள் முந்நூறு பேரையும் கூப்பிட மாட்டார்கள். "அம்மா", "மச்சான்", "அண்ணன் துபாய்", "மகள் காலேஜ் டீச்சர்" என்று உறவும் பொறுப்பும் தெரியும்படி சேமித்த பெயர்களைத்தான் முதலில் பொறுக்குவார்கள். அவர் பட்டியலில் அப்படிப்பட்ட பெயர்களைக் கடையிலேயே உட்கார்ந்து பிரித்தோம். அவர்களுக்கு இந்தச் செய்தியைத் தனித்தனியாக அனுப்பச் சொன்னேன்: "என் கைப்பேசியில் இருந்த ஒரு மோசடிக் கடன் செயலி உங்கள் எண்ணை எடுத்துவிட்டது. என் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டாலோ படம் அனுப்பினாலோ பதில் சொல்ல வேண்டாம், பணம் அனுப்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். காவல் துறையில் புகார் கொடுக்கிறேன்." வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் போட்டால் இவருடைய எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதால் தனித்தனியாக. முதல் அழைப்பை மகளுக்கே செய்யச் சொன்னேன். தயங்கினார். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, "அவளுக்கு நேற்றே போன் வந்திருக்கிறது, நான் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம்" என்றார்.

புகாருக்கு 1930 என்ற எண், `cybercrime.gov.in` என்ற தளம், நேரில் என்றால் நாகர்கோவிலில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையம். அனுமதிப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட், 3,900 ரூபாய் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, மிரட்டிய எண்கள், பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ ஐடிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டுக் கொடுத்தேன். கேட்கும் தொகையை அந்த ஐடிகளில் ஒன்றுக்கு அனுப்பித் தொலைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயரில் ஐடி வருகிறது. அதில் அனுப்பிய பணத்துக்குக் கடன் தீர்ந்தது என்று யாரும் ரசீது தர மாட்டார்கள், மறுநாள் இன்னொருவர் அதே ஆறாயிரத்தைக் கேட்பார். வந்த 3,900 ரூபாயை என்ன செய்வது என்பதைப் புகாரிலேயே எழுதிக் காவல் துறையினரிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பதிவு பெற்ற நிறுவனத்திடம் கடன் வாங்கியவர்களுக்கு வழி வேறு. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிமுறையின்படி கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், கோப்புகள், படங்கள், அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றை வாடிக்கையாளர் சரிபார்ப்புக்காக, அவர் ஒப்புதலோடு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், எடுத்த தகவலை அழிக்கச் சொல்லவும் கடன் வாங்கியவருக்கு வழி தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே செயலியை நீக்குவதோடு, "ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், என் தகவல்களை அழித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்" என்று குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. பதில் வராவிட்டால் `cms.rbi.org.in` தளத்தில் முறையிடலாம். கூகுளும் 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர்க் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் கேட்பதைத் தடை செய்திருக்கிறது. கடன் செயலி இந்த இரண்டில் ஒன்றைக் கேட்டாலே அது விதிக்குள் நிற்கும் செயலி இல்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

அண்ணனின் உறவினர்களில் சிலருக்கு அதற்குப் பிறகும் அழைப்புகள் வந்தன. செய்தி முன்பே போயிருந்ததால் ஒருவரும் பேச்சு வளர்க்கவில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள். புதிதாக வந்த எண்களைப் புகாரின் ஒப்புகை எண்ணோடு சேர்த்துக் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் மகளின் கைப்பேசியையும் கொண்டுவந்தார். `Permission manager` திறந்து `Contacts` தொட்டபோது, கடன் செயலி எதுவும் இல்லை. ஆனால் டார்ச் லைட் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலுக்கான அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் காட்டுவதற்கு ஊராரின் எண்கள் எதற்கு? அதையும் மூடி நீக்கிக் கொடுத்தேன்.